வவுனியாவின் ஓகஸ்ட் சலாகையை நம்பி விதைக்கலாமா?

கேள்வி: வவுனியாவுக்கு மாதாந்த மழைவீழ்ச்சியைச் சலாகையாகவும் வெப்பநிலையைக் கோடாகவும் போட்டு ஒரு காலநிலை வரைபடம் கீறினேன். ஓகஸ்டில் மழை 75 மி.மீ, செப்டெம்பரில் 90 மி.மீ, வெப்பநிலை 28 பாகை. இரண்டு மாதத்திலும் சலாகை கோட்டுக்கு மேலே நிற்கிறது. மேலே நின்றால் ஈரமான மாதம் என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் மேட்டுக்காணியில் ஓகஸ்டில் பயறு போடலாம்தானே? அப்புவிடம் சொன்னால் சிரிக்கிறார்.

பதில்:

போட வேண்டாம். அப்பு சிரித்ததற்குக் காரணம் உங்கள் வரைபடத்திலேயே இருக்கிறது. ஆனால் அதைப் பார்ப்பதற்கு அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். நான் நெடுங்கேணிப் பக்கம் காணி செய்கிறவன். இந்த மாதிரி வரைபடங்களோடு பல காலம் மல்லுக்கட்டியும் இருக்கிறேன்.

முதலில் அச்சுகளைப் பாருங்கள். எக்செல் தானாகப் போடும் வெப்பநிலை அச்சு பெரும்பாலும் பூச்சியத்தில் தொடங்காது. 23இலோ 24இலோ தொடங்கும். அப்படி இருந்தால் கோடு மேலே நிற்கிறதா, சலாகை மேலே நிற்கிறதா என்ற பேச்சுக்கே பொருள் இல்லை. இந்த ஒப்பீட்டுக்கு ஒரு விதி உண்டு: வெப்பநிலை 10 பாகை நிற்கும் உயரத்தில் மழை 20 மி.மீ நிற்க வேண்டும். "Format Axis" பகுதியில் மழை அச்சுக்கு 0 முதல் 300 வரை கொடுத்தால் வெப்ப அச்சுக்கு 0 முதல் 150 வரை கொடுக்க வேண்டும். 28 பாகைக் கோடு அப்போது 56 மி.மீ உயரத்தில் ஓடும். உங்கள் 75 அதற்கு மேலேதான் நிற்கிறது. ஆக, அந்த விதியின்படி நீங்கள் வாசித்தது சரி. கோளாறு விதியில் இருக்கிறது.

மழை மில்லிமீற்றரில் வெப்பநிலையைப் போல இரு மடங்குக்குக் குறைந்தால் அது வறண்ட மாதம் என்ற இந்தக் கணக்கை 1950களில் முன்வைத்தவர்கள் கோசென், பாஞ்ஞூல் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள். பிறகு ஜெர்மானியரான வால்ட்டர் அதை வைத்து உலகம் முழுவதுக்கும் வரைபடங்கள் கீறிப் பரப்பினார். மத்தியதரைக் கடற்பகுதியில் குளிர்காலத்துக்கும் கோடைக்கும் வெப்பநிலை பெரிதாக மாறுகிறது. அதோடு சேர்ந்து நீர் ஆவியாவதும் ஏறி இறங்குகிறது. ஆகவே ஆவியாக்கத்தை அளக்க வழியில்லாத இடத்தில் வெப்பநிலையை அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம். அங்கே அது ஓரளவு வேலை செய்யும்.

வன்னியில் வெப்பக் கோடு அசைவதே இல்லை. ஜனவரியில் 25 பாகையை ஒட்டி நிற்கும். ஏறினாலும் 29இன் பக்கம்தான். நவம்பருக்கும் ஓகஸ்டுக்கும் இடையே இரண்டு மூன்று பாகை வித்தியாசம் என்றால் இரு மடங்கு விதிப்படி நீர்த்தேவை ஐந்தாறு மில்லிமீற்றர்தான் கூடுகிறது. இதை எந்த விவசாயியிடம் சொன்னாலும் சிரிக்கத்தான் செய்வார். ஓகஸ்டில் வயலை உலர்த்துவது வெப்பநிலை மட்டும் அல்ல, சோளகக் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்த காற்றாக வருகிறது. மே தொடங்கி செப்டெம்பர் வரை அது வீசுகிறது. கொடியில் போட்ட சாரம் எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்பதைக் கவனித்தால் போதும். காற்றுக்கும் ஈரப்பதத்துக்கும் உங்கள் வரைபடத்தில் இடமே இல்லை.

ஆகவே அந்தக் கோட்டை எடுத்துவிட்டு, ஆவியாகும் நீரின் கோட்டை அதே மழை அச்சில் போடுங்கள். வரண்ட வலயத்தில் நவம்பர், டிசெம்பரில் ஒரு நாளைக்கு 3 மி.மீ அளவும் ஜூலை, ஓகஸ்டில் 5 மி.மீ அளவும் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். ஓகஸ்டின் 31 நாளுக்கு 155 மி.மீ. சலாகையோ 75. ஏக்கர் கணக்கில் சொன்னால், ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு ஏக்கரில் ஏறக்குறைய 4,000 லீற்றர். வானம் மூன்று இலட்சம் லீற்றர் தருகிறது. காற்றும் வெயிலும் ஆறு இலட்சத்துக்கு மேல் கேட்கின்றன.

"பயறு சிறிய செடி, முதல் மாதம் அவ்வளவு குடிக்காதே" என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்விதான். முளைத்து வரும் பயிருக்கு அந்த 155இல் பாதி போதும், அதாவது ஏறக்குறைய 78. தாளில் பார்த்தால் 75 மி.மீ கிட்டத்தட்டச் சமன் செய்கிறது. ஆனால் அந்த 75 எப்படி விழுகிறது? ஓகஸ்ட் மழை மாதம் முழுக்கத் தூறுவதில்லை. பின்னேரத்தில் இடியோடு ஒன்றிரண்டு மழை கொட்டும். ஓமந்தையில் பெய்தால் புளியங்குளத்தில் புழுதி பறக்கும். மே, ஜூன், ஜூலை என்று மூன்று மாதம் வெந்து இறுகிய செம்மண்ணில் 40 மி.மீ மழை ஒரே மூச்சில் கொட்டினால் ஒரு பங்கு வழிந்து போகிறது. மறுநாள் மண்வெட்டியால் வெட்டிப் பாருங்கள். மேலே கறுத்த ஈரமண் ஒரு சாண்கூட இருக்காது. அதற்குக் கீழே வெளிறிய மண் கட்டி கட்டியாகப் பெயரும். வழிந்தது போக மிஞ்சிய ஈரமும் நாளுக்கு 5 மி.மீ வீதம் ஒரு கிழமைக்குள் தீர்ந்துவிடும். அதற்குள் விதை முளைத்திருக்கும். அடுத்த மழை எப்போது என்பது யாருக்கும் தெரியாது.

75 என்பதே சராசரிதான். விளக்கத்துக்காக நானே பத்து ஆண்டுகளின் ஓகஸ்ட் மழையைப் போட்டுக் காட்டுகிறேன்: 5, 12, 30, 38, 45, 60, 75, 110, 150, 225. கூட்டினால் 750, சராசரி 75. ஆனால் 75ஐத் தொட்டதோ தாண்டியதோ நான்கு ஆண்டுகளில்தான். பத்தில் எட்டு ஆண்டுகள் நம்பக்கூடிய அளவு வெறும் 30. இலங்கையின் விவசாய காலநிலை வலயங்களைப் பிரித்தவர்களும் சராசரியை வைத்துப் பிரிக்கவில்லை; 75 வீத நிகழ்தகவோடு எதிர்பார்க்கக்கூடிய மழையை வைத்தே பிரித்தார்கள். இந்த வித்தியாசம் நவம்பர் சலாகையில் அவ்வளவு உறுத்தாது. ஓகஸ்ட் போன்ற மாதத்தில் சராசரி பெரிய பொய்க்காரன்.

அப்புவுக்கு இன்னொரு காரணமும் தெரிந்திருக்கும். பயறு அறுபது, அறுபத்தைந்து நாள் பயிர். ஓகஸ்ட் நடுவில் விதைத்து, எப்படியோ தப்பிப் பிழைத்தாலும், காய் முற்றிக் கறுக்கும் நேரம் ஒக்டோபர் நடுப்பகுதி. உங்கள் வரைபடத்தில் சலாகை சட்டென்று உயரும் இடம் அதுதான். முற்றிய பயறங்காய் நாலு நாள் நனைந்தால் செடியிலேயே முளைவிடும். தண்ணீர் வேண்டிய நேரத்தில் இல்லை, வேண்டாத நேரத்தில் கொட்டுகிறது.

இதே வரைபடம் மறுபக்கமும் ஏமாற்றும். பெப்ரவரி, மார்ச் சலாகைகளைப் பாருங்கள்; அவை ஓகஸ்டைவிடப் பெரியவை அல்ல. ஆனால் வன்னியில் காலபோக நெல்லை அறுத்த கையோடு, வயலில் மிஞ்சிய ஈரத்தை நம்பி இடைப்போகமாகப் பயறு விதைப்பவர்கள் இருக்கிறார்கள், எடுத்தும் இருக்கிறார்கள். மழை ஏறத்தாழ ஒன்று, விளைவு வேறு. ஓகஸ்ட் சலாகைக்கு முன்னால் நிற்பது மூன்று மாத வறட்சி. பெப்ரவரிக்கு முன்னால் நிற்பது ஆண்டின் மழையில் பாதிக்கு மேல் கொட்டித் தீர்த்த ஒக்டோபர், நவம்பர், டிசெம்பர். வரைபடம் ஒவ்வொரு மாதத்தையும் தனித்தனியாக நிறுத்துகிறது. மண் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை.

அந்த மிச்சத்தையும் கீறலாம். B நிரலில் மழை, C நிரலில் ஆவியாகும் அளவு, D நிரலில் மண்ணில் நிற்கும் ஈரம். செப்டெம்பரை முதல் வரிசையாக எடுத்து D2இல் 0 போடுங்கள். மண் 100 மி.மீ பிடித்து வைக்கும் என்று கொண்டால் D3இல்:

```
=MAX(0,MIN(100,D2+B3-C3))
```

அதை அடுத்த ஓகஸ்ட் வரை இழுத்துவிடுங்கள். நவம்பரில் மழை 270, ஆவியாவது 95 என்றால் மண் நிறைந்து 100இல் நிற்கும். மிச்சம் குளத்துக்குப் போகிறது. டிசெம்பரிலும் அது 100இல் நின்றால், ஜனவரியில் மழை 90, ஆவியாவது 105 எனும்போது 85 மிஞ்சும். இடைப்போகப் பயறு அந்த 85இன் மேல்தான் நிற்கிறது. ஜூனில் அது பூச்சியத்துக்கு வந்திருக்கும். ஓகஸ்டில் 75 விழுந்து 155 கேட்கப்படும்போது பூச்சியத்திலேயே கிடக்கும். இவை முறையைக் காட்டுவதற்கான சுற்று எண்கள். உங்கள் கணக்குக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் எண்களைப் போடுங்கள். 100 என்பதும் மண்ணைப் பொறுத்தது: மணல் கலந்த மேட்டில் 60 போட்டுப் பாருங்கள், வயல்களியில் கூட்டிப் பாருங்கள்.

குளத்துக்குப் போகிற மிச்சத்தையும் மறந்துவிடக் கூடாது. இரணைமடுவின் கீழோ வவுனிக்குளத்தின் கீழோ சிறுபோக நெல் செய்கிறவர்களுக்கு மே, ஜூன் சலாகைகள் முக்கியமே இல்லை. சிறுபோகக் கூட்டத்தில் இத்தனை ஏக்கர்தான் என்று முடிவாவது குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்து; அந்த நீர் போன நவம்பர், டிசெம்பர் சலாகைகளின் மேல்பகுதி. உங்களுடையது மேட்டுக்காணி, குளத்து நீர் ஏறாது என்பதால் அந்தக் கணக்கு உங்களுக்கு இல்லை.

வெப்பநிலைக் கோட்டைத் தூக்கியே எறியச் சொல்கிறீர்களா என்று கேட்டால், மாதச் சராசரியாக அதில் விவசாயிக்குக் கிடைப்பது மிகக் குறைவு என்பேன். 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயல் நேரத்துக் குளிர் காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் நூற்றுக்கணக்கில் செத்தன. சராசரிக் கோட்டில் டிசெம்பர் எப்போதும்போல அமைதியாகத்தான் கிடக்கும்.

மேட்டுக்காணிக்கு உங்கள் காலம் காலபோகம்தான். உழுந்தும் பயறும் ஒக்டோபர் கடைசியில் அல்லது நவம்பர் தொடக்கத்தில், மழை நிலைத்த பிறகு விதைக்கலாம். முதல் மழைக்கே அவசரப்பட வேண்டாம். மண்வெட்டியால் வெட்டிப் பார்த்து, ஈரம் ஒரு சாணுக்குக் கீழே இறங்கி, அள்ளிப் பிடித்த மண் உருண்டையாக நின்றால் விதையுங்கள். நவம்பரில் வெள்ளம் நிற்கும் பள்ளம் காணிக்குள் இருந்தால் அதற்கு முன்பே வாய்க்கால் வெட்டிவிடுங்கள். பயறுக்கு வேரில் தண்ணீர் நிற்பது ஆகவே ஆகாது.