கண்ணாடிக்குள்ள லைட்டோட ஃப்ரீக்வென்சி ஏன் மாறல?

கேள்வி: பெங்களூர்ல பியூசி படிக்கிறேன். லைட் காத்துல இருந்து கண்ணாடிக்குள்ள போனா வேகமும் வேவ்லெங்த்தும் குறையுது, ஃப்ரீக்வென்சி மட்டும் ஏன் அப்படியே இருக்கு?

பதில்: கண்ணாடியோட மேற்பரப்பை மட்டும் பாருங்க. உங்க லேப்ல இருக்கிற சோடியம் லேம்ப்பையே எடுத்துக்கலாம், அந்த மஞ்சள் லைட்டோட வேவ்லெங்த் காத்துல 589 நானோமீட்டர், அதாவது செகண்டுக்கு சுமார் 509 லட்சம் கோடி முகடு வந்து கண்ணாடியில சேருது. அத்தனையும் உள்ள போயே ஆகணும், குறைஞ்சா மீதி முகடு பார்டர்லயே குவியணும், கூடினா புதுசா எங்கிருந்தோ முளைக்கணும், ரெண்டுமே நடக்காது. ஃப்ரீக்வென்சி மாறாததுக்கு இதுதான் காரணம்.

வேகம் குறையறது எலக்ட்ரானால. வர்ற அலை கண்ணாடியில இருக்கிற எலக்ட்ரானை ஆட்டுது, ஊஞ்சலை ஒருத்தர் விடாம ஆட்டினா அது அவரோட தாளத்துலயே ஆடுற மாதிரி, எலக்ட்ரானும் அதே ஃப்ரீக்வென்சியில ஆடி அதே ஃப்ரீக்வென்சியில அலை விடுது. ஆனா கொஞ்சம் ஃபேஸ் தள்ளி. பழைய அலையும் இதுவும் சேரும்போது மொத்த அலையோட முகடு பின்தங்கிக்கிட்டே போகுது, அதைத்தான் வேகம் குறைஞ்சுதுன்னு சொல்றோம். எலக்ட்ரான் லைட்டை முழுங்கி லேட்டா துப்புதுன்னு சிலர் சொல்வாங்க, அது தப்பு.

இப்ப கணக்கு. கண்ணாடியோட ரிஃப்ராக்டிவ் இன்டெக்ஸ் 1.52னா, வேகம் 3 லட்சம் கிலோமீட்டர்ல இருந்து செகண்டுக்கு சுமார் 1.97 லட்சமா இறங்குது. முகடு வர்ற கணக்கு மாறல, ஒவ்வொண்ணும் நகர்ற தூரம் குறையுது, அப்ப இடைவெளி நெருங்கித்தானே ஆகணும்? 589 / 1.52, சுமார் 388 நானோமீட்டர். காத்துல அது ஊதா ஓரம், ஆனாலும் கண்ணாடி வழியா மஞ்சளாத்தான் தெரியும், ஏன்னா கலரை முடிவு பண்றது ஃப்ரீக்வென்சி.

ஃப்ரீக்வென்சி மாறுற விதிவிலக்கும் உண்டு. எஸ்.பி. ரோடுல விக்கிற பச்சை லேசர் பாயின்டர் பலதுல இன்ஃப்ராரெட்டை ஒரு கிரிஸ்டல் ரெட்டிப்பு ஃப்ரீக்வென்சியா மாத்துது, அங்க எலக்ட்ரானோட ஆட்டம் வர்ற அலைக்கு நேர்விகிதத்துல இருக்காது, அது தனி கதை.