தாளைத் திருப்பினாலும் மாறாத திசை

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். டி.என்.ஏ இரட்டிப்பாதல் கவையின் படம் பாடநூலில் உள்ளபடியே வந்தால் சரியாகக் குறித்துவிடுகிறேன். அதையே திருப்பி வரைந்து கொடுத்தால் முன்செல்லும் இழையையும் பின்தங்கும் இழையையும் மாற்றி எழுதிவிடுகிறேன். சிறு துண்டுகளில் எது முதலில் உருவானது என்று கேட்டாலும் தவறுகிறது. படத்தை எப்படிப் பார்க்க வேண்டும்?

பதில்: மேல் இழை, கீழ் இழை என்ற நினைப்பை முதலில் விட்டுவிடுங்கள். ஒரு தாளில் கவையை வரைந்து, முனைகளில் 5′, 3′ என்று குறித்து, தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். மேலே இருந்த கிளை கீழே வந்துவிடும். வலப்புறம் இருந்தது இடப்புறம் போய்விடும். ஆனால் 3′ என்று எந்தக் கிளையின் நுனியில் எழுதினீர்களோ, அந்த நுனியில்தான் அது இருக்கும். மேல், கீழ் என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். விடைத்தாள் திருத்தும்போது நான் அதிகம் பார்த்த பிழையும் இதுவே.

படம் கைக்கு வந்ததும் எதையும் பெயரிடாமல், இரண்டு இழைகளும் இன்னும் பிரியாமல் முறுக்கிக்கொண்டிருக்கும் பக்கம் எது என்று பாருங்கள். ஹெலிகேஸ் நொதி அந்தப் பக்கத்தை நோக்கித்தான் பிளந்துகொண்டு போகிறது. அந்தத் திசையில் பென்சிலால் ஓர் அம்புக்குறி போடுங்கள். பிறகு, பிரிந்து நிற்கும் இரண்டு பழைய இழைகளின் வெளி நுனிகளைப் பாருங்கள். ஒன்றில் 3′ இருக்கும், மற்றதில் 5′ இருக்கும். 3′ நுனியுள்ள கிளையின் மேல் உருவாகும் புதிய இழையே முன்செல்லும் இழை. 5′ நுனியுள்ள கிளையின் மேல் துண்டு துண்டாக உருவாவது பின்தங்கும் இழை. படத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் இது பொய்க்காது.

இதற்கான காரணம் டி.என்.ஏ பாலிமரேஸின் இயல்பில் இருக்கிறது. வளர்ந்துகொண்டிருக்கும் இழையின் 3′ முனையில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதியோடுதான் அந்த நொதியால் அடுத்த நியூக்ளியோடைடைச் சேர்க்க முடியும். ஆகவே புதிய இழை எப்போதும் 5′ இலிருந்து 3′ நோக்கியே வளரும். அதற்கு எதிரே இருக்கும் பழைய இழை, அதாவது வார்ப்பு இழை, எதிர்த்திசையில் அமைந்திருப்பதால் 3′ இலிருந்து 5′ நோக்கிப் படிக்கப்படுகிறது. வார்ப்பு இழையின் 3′ நுனி வெளியே இருந்தால், படித்துக்கொண்டே உள்ளே போகும் பாலிமரேஸ் பிளவை நோக்கிப் போகிறது. ஹெலிகேஸ் திறக்கத் திறக்க அதன் பின்னாலேயே இடைவிடாமல் போகலாம். மற்றக் கிளையில் அதே நொதி பிளவுக்கு முதுகு காட்டி வெளிப்பக்கமாக வர வேண்டியிருக்கிறது.

ஏர் பூட்டிய வயலை நினைத்துக்கொள்ளுங்கள். ஏர் மண்ணைத் திறந்துகொண்டு கிழக்கே போகிறது. கிழக்குப் பார்த்து நடந்து விதைப்பவர் ஏரின் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கலாம். இன்னொருவர் மேற்குப் பார்த்துத்தான் நடந்து விதைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஏர் கொஞ்ச தூரம் போகும்வரை அவர் காத்திருப்பார். பிறகு ஏருக்கு அருகே போய் நின்று, முன்பு விதைத்து முடித்த இடம்வரை மேற்கே விதைத்து வருவார். அதற்குள் ஏர் இன்னும் நகர்ந்திருக்கும். மறுபடியும் ஏருக்கு அருகே போக வேண்டும். ஒவ்வொரு முறை அவர் விதைத்த பட்டையும் ஒரு துண்டு. உங்களுடைய இரண்டாவது சந்தேகத்துக்கும் இதிலேயே விடை கிடைக்கிறது: ஏருக்கு அருகில் இருப்பது கடைசியாக விதைத்த பட்டை, தொலைவில் இருப்பது முதலில் விதைத்தது.

இனி, பாடநூலில் இருப்பதுபோல் அல்லாத ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். முறுக்கியிருக்கும் பகுதி இடப்புறம். கிளைகள் வலப்புறம் விரிந்திருக்கின்றன. மேல் கிளையின் நுனியில் 5′, கீழ்க் கிளையின் நுனியில் 3′. மேல் கிளையை ஒட்டி மூன்று துண்டுகள் வரையப்பட்டிருக்கின்றன. பிளவுக்கு அருகில் உள்ளதை ‘அ’ என்றும், அடுத்ததை ‘ஆ’ என்றும், வலக்கோடியில் உள்ளதை ‘இ’ என்றும் வைத்துக்கொள்வோம்.

பிளவு இடப்புறம் நோக்கி நகர்கிறது. கீழ்க் கிளையின் வெளி நுனி 3′ என்பதால் அதன் மேல் உருவாவது முன்செல்லும் இழை. அதன் வளரும் 3′ முனை இடப்புறம், பிளவை ஒட்டி இருக்கும். மேல் கிளையில் இருப்பது பின்தங்கும் இழை. அங்கே பழைய இழையின் 5′ நுனி வலப்புறம் இருப்பதால், புதிய துண்டு ஒவ்வொன்றிலும் 5′ முனை இடப்புறமும் 3′ முனை வலப்புறமும் இருக்க வேண்டும். அம்புக்குறி போடச் சொன்னால் மூன்று துண்டுகளுக்கும் வலப்புறமாகப் போடுங்கள். முதலில் உருவானது ‘இ’, கடைசியாக உருவானது ‘அ’. மூன்றில் ஒன்று மட்டும் பாதி வளர்ந்ததாக வரையப்பட்டிருந்தால் அது ‘அ’ ஆகத்தான் இருக்கும். அப்படி இல்லையென்றால் திசையை எங்கோ தவறாக எடுத்திருக்கிறீர்கள், எண்களை மறுபடி பாருங்கள்.

ஒவ்வொரு துண்டின் 5′ முனையிலும் சிறிய பகுதி ஒன்று வேறு நிறத்திலோ நெளி கோட்டிலோ காட்டப்பட்டிருக்கும். அதுதான் ஆர்.என்.ஏ பிரைமர். பாலிமரேஸால் வெறும் வார்ப்பின் மேல் புதிதாகத் தொடங்க முடியாது என்பதால், பிரைமேஸ் என்ற நொதி முதலில் இந்தச் சிறு ஆர்.என்.ஏ துண்டை அமைத்துக் கொடுக்கிறது. ஈ. கோலை பாக்டீரியாவில் அதன் நீளம் ஏறத்தாழ 10 நியூக்ளியோடைடுகள். முன்செல்லும் இழைக்கும் தொடக்கத்தில் ஒரு பிரைமர் தேவை. அது பெரும்பாலும் படத்தின் ஓரத்துக்கு அப்பால் போய்விடுவதால், பின்தங்கும் இழைக்கு மட்டுமே பிரைமர் உண்டு என்று பலர் எழுதிவிடுகிறார்கள்.

துண்டுகள் இணையும் இடத்தை இன்னும் அருகில் போய்ப் பாருங்கள். மதிப்பெண் அதிகம் போகும் இடம் இது. ‘அ’ வலப்புறமாக வளர்ந்து வந்து ‘ஆ’வின் பிரைமரை முட்டுகிறது. ஈ. கோலையில் இப்போது டி.என்.ஏ பாலிமரேஸ் I வருகிறது. அது ‘ஆ’வின் பிரைமரை முன்னிருந்து அகற்றிக்கொண்டே, அந்த இடத்தில் ‘அ’வின் 3′ முனையை டி.என்.ஏ-வால் நீட்டிக்கொண்டு போகிறது. பிரைமர் முழுதும் போனபின் ஒரு நியூக்ளியோடைடுகூடக் குறையாது. ஆனால் ‘அ’வின் கடைசி 3′ ஹைட்ராக்சிலுக்கும் ‘ஆ’வின் முதல் 5′ பாஸ்பேட்டுக்கும் இடையில் பிணைப்பு இருக்காது. அந்த ஒரு பிணைப்பைப் போடுவதுதான் லைகேஸின் வேலை. லைகேஸ் இடைவெளியை நிரப்புகிறது என்று எழுதினால் அது தவறு. படத்தில் காரங்கள் இல்லாத வெற்றிடம் தெரிந்தால் அங்கே பாலிமரேஸுக்கு இன்னும் வேலை இருக்கிறது; காரங்கள் எல்லாம் இருந்து, முதுகெலும்புக் கோட்டில் மட்டும் ஒரு வெட்டு தெரிந்தால் லைகேஸ் வர வேண்டும். மனிதச் செல்களில் பிரைமரை அகற்றும் நொதிகள் வேறு. கடைசியாக வெட்டை மூடுவது அங்கேயும் லைகேஸ்தான்.

இந்தத் துண்டுகளைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெய்ஜி ஒகசாகியும் அவருடைய மனைவி சுனேகோ ஒகசாகியும். 1968-இல் வெளியான அவர்களுடைய சோதனை, படம் சொல்வதை அப்படியே காட்டுகிறது. பாக்டீரியாவுக்குக் கதிரியக்கத் தைமிடினைச் சில விநாடிகள் மட்டும் கொடுத்து, டி.என்.ஏ-வின் இழைகளைப் பிரித்துப் பார்த்தால், கதிரியக்கம் சிறு துண்டுகளில் இருந்தது. அதிக நேரம் விட்டால் அது நீண்ட இழைகளுக்குப் போய்விட்டது. லைகேஸ் சரியாக வேலை செய்யாத வைரஸ் வகையில் துண்டுகள் இணையாமல் குவிந்து கிடந்தன. துண்டுகள் முதலில், இணைப்பு பிறகு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1975-இல் ரெய்ஜி இரத்தப் புற்றுநோயால் 44 வயதில் மறைந்தார். சுனேகோ அந்த ஆய்வை விடாமல் தொடர்ந்தார். பாடநூலில் ‘ஒகசாகி துண்டுகள்’ என்று படிக்கும்போது அந்தப் பெயர் இருவருடையது என்பது நினைவில் இருக்கட்டும்.

துண்டின் நீளத்தையும் அளவோடு மனத்தில் வையுங்கள். ஈ. கோலையில் ஒரு துண்டு ஏறத்தாழ 1,000 முதல் 2,000 நியூக்ளியோடைடுகள் வரை இருக்கும். மனிதச் செல்களில் 100 முதல் 200 வரைதான். படத்தில் மூன்று துண்டுகள்தான் வரைய இடம் இருக்கிறது. ஆனால் சுமார் 46 லட்சம் கார இணைகள் கொண்ட ஈ. கோலையின் டி.என்.ஏ ஒருமுறை இரட்டிப்பாக, கணக்குப் போட்டால் 2,300 முதல் 4,600 துண்டுகள் வரை உருவாகி இணைய வேண்டும்.

தேர்வில் சில சமயம் ஒரே கவைக்குப் பதிலாக, நடுவில் திறந்து இருபுறமும் விரியும் குமிழைக் கொடுப்பார்கள். அதில் இரண்டு கவைகள் இருக்கின்றன. தொடக்கப் புள்ளியில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, ஒரு பாதியைக் கையால் மறைத்துக்கொண்டு மற்றப் பாதியைத் தனிக் கவையாகப் படியுங்கள். படிக்கும் பாதியில் கிளையின் நுனி என்பது அந்தக் கோடு வெட்டும் இடம்; முனை எண்களை அங்கே நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும். மேல் இழையில் இடமிருந்து வலமாக 5′, 3′ என்று இருந்தால், வலப்பாதியில் கோட்டருகே அதன் எண் 5′. இடப்பாதியில் கோட்டருகே 3′. ஆகவே மேல் இழையின் வலப்பாதியில் துண்டுகள் உருவாகும், இடப்பாதியில் தொடர்ச்சியான இழை உருவாகும். கீழ் இழையில் இது அப்படியே மாறி வரும். ஒரே பழைய இழை ஒரு கவையில் ஒரு வகையாகவும் அடுத்த கவையில் வேறு வகையாகவும் படிக்கப்படுகிறது.

எண்களே இல்லாத படம் வந்தால் அம்புத்தலையைத் தேடுங்கள். அம்புத்தலை இருக்கும் முனை 3′. அம்பும் இல்லையென்றால் பிரைமரைத் தேடுங்கள். பிரைமர் இருக்கும் முனை 5′. இவற்றில் ஒன்று கிடைத்தாலே மற்ற எல்லா முனைகளுக்கும் எண்களை எழுதிவிடலாம். எழுதி முடித்தபிறகே இழைகளுக்குப் பெயர் வையுங்கள்.