முன்னால் சேர்க்க அர்ரேயா, லிங்க்டு லிஸ்டா? பால் சொசைட்டி அசைன்மென்ட் கேள்விகள்

இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே அசைன்மென்டைச் சுற்றித்தான். பால் சொசைட்டியில் யார் பால் ஊற்றினாலும் அந்தப் பதிவு பட்டியலின் முதல் இடத்தில் வந்து உட்கார வேண்டும், அதுவும் வேகமாக. வில்லாபுரம் மாடி ரூமில் சாயங்காலம் என்னிடம் படிக்க வருகிற பிள்ளைகளும் இதையே கேட்கிறார்கள் என்பதால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

"அண்ணே, நான் அர்ரேயில் எழுதிட்டேன். பத்து பதிவு போட்டுப் பார்த்தேன், சரியா ஓடுது. ஃபைலில் ஒரு லட்சம் பதிவு இருக்காம். லிங்க்டு லிஸ்டுக்கு மாத்தணுமா?" – திருமங்கலம்

பத்து பதிவுக்கு எதுவும் ஓடும் தம்பி. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையாக எல்லாரும் உட்கார்ந்து இலை போட்டாயிற்று, அப்போது பெரிய மாமா வந்து முதல் இலையில்தான் உட்காருவேன் என்கிறார். கடைசி ஆள் எழுந்து ஓர் இடம் தள்ளி உட்கார வேண்டும், அப்புறம் அவருக்கு முந்தினவர், இப்படியே முதல் ஆள் வரைக்கும். பத்துப் பேர் என்றால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்கள். அர்ரேயில் 0-வது இடத்தில் ஒன்றைச் சேர்ப்பது இதேதான், ஏற்கனவே எத்தனை இருக்கிறதோ அத்தனையும் நகர வேண்டும்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். முதல் பதிவுக்கு நகர்த்தல் இல்லை, இரண்டாவதுக்கு 1, மூன்றாவதுக்கு 2, இப்படிப் போய் கடைசிப் பதிவுக்கு 99,999. எல்லாவற்றையும் கூட்டினால் 499 கோடியே 99 லட்சத்து 50 ஆயிரம், அதாவது கிட்டத்தட்ட 500 கோடி நகர்த்தல். பதிவின் அளவையும் பாருங்கள்: உறுப்பினர் எண் 4 பைட், பெயருக்கு 24, லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். மூன்றும் நான்கு நான்கு, ஆக 40 பைட். 500 கோடியை 40-ஆல் பெருக்கினால் சுமார் 200 ஜிபி டேட்டாவை உங்கள் புரோகிராம் மெமரிக்குள்ளேயே இங்கிருந்து அங்கே நகர்த்துகிறது. ஃபைலின் மொத்த டேட்டாவோ வெறும் 40 லட்சம் பைட்!

ஆயிரம் பதிவு என்றால் இதே கணக்கு 4,99,500 நகர்த்தல்தான், கண்ணிமைக்கிற நேரத்தில் முடிந்துவிடும். அதனால்தான் சின்ன டெஸ்டில் இந்தக் குறை வெளியே வராது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. 20,000 பதிவுக்கு ஒரு தடவையும் 40,000 பதிவுக்கு ஒரு தடவையும் ஓடவிட்டு நேரம் குறியுங்கள். பதிவு இரண்டு மடங்காகும்போது நேரமும் ஏறக்குறைய இரண்டு மடங்கானால் கவலை இல்லை. நான்கு மடங்கானால் எங்கேயோ பந்தி நகர்கிறது.

ஆமாம், மாற்றுங்கள். முன்னால் சேர்ப்பது, கடைசியில் ஒரு தடவை முழுக்க அச்சிடுவது, இந்த இரண்டு வேலை மட்டும்தான் என்றால் லிங்க்டு லிஸ்ட் நேரான பதில். அதில் ஒவ்வொரு பதிவும் தனி நோடு, அடுத்த நோடின் முகவரியைத் தன்னோடு வைத்திருக்கும், முதல் நோடை `head` காட்டும், அதனால் புதியதை முன்னால் மாட்ட வேறெதுவும் நகர வேண்டாம். ஆனால் மாற்றுவதற்கு முன் கீழே மேலூர் கேள்வியையும் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

"லிங்க்டு லிஸ்டுதான் எழுதினேன். அச்சிடும்போது கடைசியாகச் சேர்த்த பதிவே திரும்பத் திரும்ப வருது, நிக்கவே மாட்டேங்குது." – உசிலம்பட்டி

கோடைப் பார்க்காமலே சொல்லலாம், இப்படித்தான் எழுதியிருப்பீர்கள்:

```c
head = n;
n->next = head;
```

முதல் வரியிலேயே `head` புது நோடைக் காட்ட ஆரம்பித்துவிட்டது. அடுத்த வரியில் `n->next`-க்குள் போகிறது அதே `n`-இன் முகவரி. நோடு தன்னையே தனக்கு அடுத்ததாகக் காட்டிக்கொண்டு நிற்கிறது, அச்சிடும் லூப் அதற்குள்ளேயே சுற்றுகிறது. பழைய பதிவுகள் மெமரியில் எங்கேயோ இருக்கும்தான், ஆனால் அங்கே போவதற்கு வழி இல்லை. வரிகளை இடம் மாற்றினால் போதும்:

```c
n->next = head;
head = n;
```

வீட்டில் மல்லிகை கட்டுகிறவர்களைக் கவனித்தால் இது மறக்காது. கட்டி முடித்த சரத்தின் நுனியை விரலில் பிடித்தபடியேதான் அடுத்த பூவை வைத்து முடிச்சுப் போடுவார்கள், முடிச்சு விழுந்த பிறகுதான் பிடி மாறும். இங்கே `head` அந்த விரல். புதுப் பூவைப் பழைய சரத்தோடு கட்டுவதற்கு முன்பே விரலை எடுத்துவிட்டீர்கள்.

அப்புறம் ஒன்று, `head`-ஐ ஆரம்பத்தில் `NULL` ஆக்க மறக்காதீர்கள். ஃபங்ஷனுக்குள் வெறுமனே `struct node *head;` என்று விட்டால் அதில் ஏதோ குப்பை முகவரி கிடக்கும். சேர்க்கும்போது ஒன்றும் தெரியாது, அச்சிட்டு முடிகிற இடத்தில்தான் புரோகிராம் விழும். எல்லாப் பதிவும் சரியாக வந்துவிட்டுக் கடைசியில் செக்மென்டேஷன் ஃபால்ட் வந்தால் முதலில் அந்த வரியைத்தான் பார்க்க வேண்டும்.

"சேர்க்கிற வேலையைத் தனி ஃபங்ஷனா எழுதினதும் லிஸ்ட் காலியாவே இருக்கு அண்ணே. எரரும் இல்லை." – சோழவந்தான்

நீங்கள் ஃபங்ஷனுக்கு அனுப்பியது `head`-இன் நகல், தங்கச்சி. உள்ளே நகல் மாறியது, `main`-இல் இருக்கிற அசல் அப்படியே `NULL`. ஃபங்ஷனை `struct node **` வாங்கிக்கொள்கிற மாதிரி மாற்றி, கூப்பிடும்போது `&head` அனுப்புங்கள், உள்ளே `head` வருகிற இடத்திலெல்லாம் `*head` என்று எழுதுங்கள். இரட்டை நட்சத்திரம் பயமாக இருந்தால் புது `head`-ஐ `return` செய்து `main`-இல் வாங்கிக்கொண்டாலும் போதும், மார்க் குறையாது.

"என் ஃப்ரெண்டு அர்ரேயிலேயே எழுதியிருக்கான், என் லிங்க்டு லிஸ்டை விட வேகமா ஓடுது. சார் அர்ரே மெதுவா ஓடும்னாரு. யார் சொல்றது சரி?" – மேலூர்

இரண்டு பேரும் சரி. இந்த வாரக் கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான். உங்கள் நண்பர் பந்தியை நகர்த்தவே இல்லை, பந்தியின் எந்த முனை 'முதல்' என்பதை மாற்றிக்கொண்டார். புதுப் பதிவை அர்ரேயின் வால் பக்கம் போடுகிறார், அச்சிடும்போது வாலிலிருந்து தலைக்கு வருகிறார்.

```c
a[n++] = r;
for (int i = n - 1; i >= 0; i--)
    print(a[i]);
```

வெளியே இருந்து பார்க்கிறவருக்குப் புதியது முதலில்தான் வரும். உள்ளே ஒரு பதிவுகூட நகரவில்லை. முன்னாலிருந்து k-வது பதிவு (0-இலிருந்து எண்ணினால்) வேண்டுமென்றால் `a[n-1-k]`, நேராக எடுத்துவிடலாம். லிங்க்டு லிஸ்டில் 500-வது பதிவு வேண்டுமென்றால் தலையிலிருந்து ஒவ்வொரு நோடாக நடந்துதான் போக வேண்டும்.

எத்தனை பதிவு வரும் என்று முன்கூட்டியே தெரியாவிட்டால்? நிறைந்ததும் `realloc`-ஆல் அளவை இரண்டு மடங்காக்குங்கள். 16-இல் ஆரம்பித்தால் 13 தடவை இரட்டித்ததும் 1,31,072 இடம் வந்துவிடும், ஒரு லட்சத்துக்குத் தாராளம். ஒவ்வொரு தடவையும் எல்லாமே நகலெடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 1,31,056 நகல்தான். மேலே பார்த்த 500 கோடி எங்கே, இது எங்கே! இரட்டிப்பதற்குப் பதிலாகப் பத்துப் பத்தாகக் கூட்டினால் மட்டும் காரியம் கெடும், பழைய பந்தி வேறு வழியாகத் திரும்ப வந்துவிடும்.

லிங்க்டு லிஸ்ட் ஏன் பின்தங்கியது என்றால், ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு `malloc`. 40 பைட் பதிவோடு 8 பைட் பாயிண்டர் சேர்ந்து 48. அதற்கு `malloc` தன் கணக்குக்கும் கொஞ்சம் எடுத்துக்கொள்வதால் வழக்கமான 64 பிட் லினக்ஸில் நோடு ஒன்றுக்கு 64 பைட் போகிறது. அச்சிடும்போதும் அர்ரேயில் அடுத்த பதிவு பக்கத்திலேயே இருக்கும், பிராசஸர் அதை முன்கூட்டியே கேஷுக்குள் இழுத்து வைத்திருக்கும். நோடுகள் சிதறிக் கிடந்தால் அந்த வசதி கிடைக்காது.

அப்படியென்றால் எப்போதும் தலைகீழ் அர்ரேதானா? என் சொந்த வேலையில் நான் அதைத்தான் எடுப்பேன். ஆனால் அசைன்மென்ட் வேறு விஷயம். கேள்வித்தாளில் 'லிங்க்டு லிஸ்ட் பயன்படுத்தி' என்று இருந்தால் வாதாடாமல் அதையே எழுதுங்கள். 'தகுந்த டேட்டா ஸ்ட்ரக்சரைத் தேர்ந்தெடுத்துக் காரணம் கூறு' என்று இருந்தால் தலைகீழ் அர்ரே எழுதலாம், ஆனால் தலை எந்தப் பக்கம் என்று மேலே ஒரு கமென்டில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் திருத்துகிறவர் பின்னால் சேர்த்திருக்கிறாய் என்று அடித்துவிடுவார். நடுவில் ஒரு நோடைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குப் பக்கத்திலேயே சேர்ப்பதும் எடுப்பதுமாக வேலை இருந்தால் லிங்க்டு லிஸ்ட்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

"பைத்தானில் செய்யலாம்னு சொல்லியிருக்காங்க. லிஸ்ட்னு இருக்கே, அது லிங்க்டு லிஸ்ட்தானே?" – வாடிப்பட்டி

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், பைத்தான் லிஸ்ட் உள்ளுக்குள் அர்ரேதான். `insert(0, x)` போட்டால் எல்லாமே நகரும். நகர்வது முழுப் பதிவு இல்லை, 8 பைட் பாயிண்டர்தான் என்பதால் அடி கொஞ்சம் குறையும், ஆனாலும் அதே நான்கு மடங்குக் கதைதான். `collections`-இல் `deque` இருக்கிறது, அதன் `appendleft` இந்த வேலைக்கென்றே வைத்தது.

"கடைசி 10 பதிவு மட்டும் வச்சுக்கணும், புதுசு முன்னால, பதினோராவது வந்தா பழசு போயிடணும். இதுக்கும் லிங்க்டு லிஸ்டா?" – அலங்காநல்லூர்

பத்துதானே! ஒவ்வொரு தடவையும் ஒன்பதை நகர்த்தினாலும் ஒன்றும் குடிமுழுகாது, `memmove` ஒரு வரி போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். பத்து என்பது பத்தாயிரமாகும் என்றால் வட்ட அர்ரே எழுதுங்கள். `head` ஓர் இடம் பின்னால் போகும், போன இடத்தில் புதுப் பதிவு விழும், நிறைந்த பிறகு அந்த இடத்தில் இருப்பதுதான் மிகப் பழையது, அது தானாக அழிந்துவிடும்.

```c
head = (head - 1 + cap) % cap;
a[head] = r;
```

அந்த `+ cap`-ஐ விட்டுவிடாதீர்கள். `head` 0-ஆக இருக்கும்போது சி மொழியில் `(0 - 1) % 10` என்பது -1, உங்கள் பதிவு அர்ரேக்கு வெளியே போய் விழும், சில நேரம் எரர்கூட வராது, பக்கத்து வேரியபிள் ஒன்று காரணமில்லாமல் மாறியிருக்கும். பைத்தானில் அதே கணக்குக்கு விடை 9. அங்கே எழுதிச் சரிபார்த்துவிட்டு சி-க்கு மாற்றுகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.