சேர்வரைப் பெரிதாக்கும் முன் அந்த வெற்றிடத்தைப் பாருங்கள்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் பன்னிரண்டு விடுதிகளுக்கும் புறாத்தீவுப் படகுகளுக்கும் சேர்த்து ஒரு முன்பதிவுத் தளம் நடத்துகிறோம். ‘பதிவு செய்’ பட்டனை அழுத்தினால் வழக்கமாக ஒரு செக்கனில் முடியும். சில நேரம் ஆறு செக்கன் வரை சுற்றுகிறது. உள்ளே ஐந்து சேவைகள். எல்லாவற்றின் லொக் கோப்பும் சுத்தம், பிழை ஒன்றும் இல்லை. செய்து தந்தவர்கள் யேகர் என்று ஒரு திரையைக் காட்டிவிட்டுப் போனார்கள். எனக்குக் கலர் கலராகக் கோடுகள்தான் தெரிகின்றன. கொழும்பில் ஒருவர் சேர்வரை இரண்டு மடங்கு பெரிதாக்கச் சொல்கிறார். வாங்கலாமா? மெதுவான ஒரு ட்ரேஸின் கோப்பை இணைத்திருக்கிறேன்.

பதில்: வாங்காதீர்கள். காசு கட்டியிருந்தால் திருப்பிக் கேளுங்கள். நீங்கள் அனுப்பிய கோப்பிலேயே விடை இருக்கிறது.

அந்தத் திரையில் ஒவ்வொரு கோடும் ஒரு ஸ்பான். ஒரு சேவை ஒரு வேலையை எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் எடுத்தது, யார் சொல்லிச் செய்தது என்ற மூன்றும் அதில் இருக்கும். ஒரே பதிவுக்காக நடந்த எல்லா ஸ்பான்களுக்கும் ஒரே அடையாள எண். அதை வைத்து யேகர் அவற்றை ஒன்றாகக் கட்டி, அழைத்தவருக்குக் கீழே அழைக்கப்பட்டவரை உள்தள்ளி வரைகிறது. அதுதான் ட்ரேஸ். உங்களுடையதில் தேவையானதை மட்டும் எடுத்து எழுதியிருக்கிறேன். எண்கள் மில்லிசெக்கனில், பட்டன் அழுத்திய கணம் பூச்சியம்.

```
gateway           POST /bookings     0 - 5820
  booking         POST /bookings     8 - 5812
    availability  GET /rooms/free   21 - 4899
      SELECT rooms                4870 - 4893
    pricing       GET /quote      4912 - 5046
    payment       POST /charge    5058 - 5803
```

மேலே இருக்கும் இரண்டு நீளக் கோடுகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கீழே உள்ளவை முடியும்வரை அவை திறந்தே இருக்கும், அதனால்தான் அந்த நீளம். ஒரு ஸ்பானின் மொத்த நேரத்திலிருந்து அதன் பிள்ளைகள், அதாவது அதற்கு நேர் கீழே உள்ளவை, ஓடிய நேரத்தைக் கழித்துப் பாருங்கள். மிஞ்சுவதுதான் அதன் சொந்த நேரம். `booking` 5804 மில்லிசெக்கன் ஓடியது. அதன் மூன்று பிள்ளைகள் மட்டும் 5757. மிச்சம் 47. அது குற்றவாளி அல்ல. `payment` எடுத்த 745 வெளியே காசு அறவிடும் இடத்துக்குப் போய்வரும் நேரம், உங்கள் நல்ல நாட்களிலும் அப்படித்தான் இருக்கும்.

இப்போது `availability`. மொத்தம் 4878. அதற்குக் கீழே இருக்கும் ஒரே பிள்ளை, டேட்டாபேஸில் கேட்ட கேள்வி, வெறும் 23. மீதி 4855 மில்லிசெக்கனில் ஒன்றுமே வரையப்படவில்லை, வெற்றிடம். அதிலும் 4849, டேட்டாபேஸிடம் கேட்பதற்கு முன்பே போய்விட்டது. டேட்டாபேஸ் லொக்கில் ஏன் ஒன்றும் இல்லை என்று இப்போது தெரிகிறதா? வைத்தியரின் பதிவேட்டில் உங்களைப் பார்த்த இரண்டு நிமிடம்தான் இருக்கும், வெளியே வரிசையில் நின்ற இரண்டு மணித்தியாலம் இருக்காது.

வெற்றிடம் என்றால் அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று யாரும் ஸ்பான் எழுதவில்லை என்று மட்டும்தான் பொருள். சேவை ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருக்கலாம், அல்லது சும்மா காத்திருக்கலாம். ஆனால் டேட்டாபேஸ் கேள்விக்குச் சரியாக முன்னால், இவ்வளவு பெரிய வெற்றிடம் வந்தால் நான் முதலில் சந்தேகிப்பது இணைப்புக்கான காத்திருப்பை. உங்கள் சேவைகள் ஜாவாவில் ஓடுகின்றன, HikariCP பயன்படுத்துகின்றன. டேட்டாபேஸுக்குப் போகும் இணைப்புகளை அது ஒரு தொகுப்பாக வைத்துக்கொண்டு, கேட்பவருக்கு ஒன்றைக் கொடுத்துத் திரும்ப வாங்கும். நீங்கள் மாற்றாவிட்டால் அந்தத் தொகுப்பில் பத்துத்தான். பத்தும் வெளியே இருந்தால் பதினோராவது ஆள் நிற்க வேண்டும். 30 செக்கன் வரை பேசாமல் நிற்பார். அதைத் தாண்டினால்தான் பிழை என்று லொக்கில் வரும். உங்களுக்கு ஐந்து செக்கனில் கிடைத்துவிடுகிறது. அதனால் லொக் சுத்தம், வாடிக்கையாளருக்குத்தான் எரிச்சல்.

அந்தக் காத்திருப்பை ட்ரேஸில் காட்ட வழி இருக்கிறது. உங்கள் சேவைகளில் ஸ்பான்களை எழுதும் ஓபன்டெலிமெட்ரியின் ஜாவா ஏஜென்டில் அது அணைத்தே வரும். `availability` சேவைக்கு இந்த ஒரு வரியைச் சேர்த்து மீண்டும் தொடக்கச் சொல்லுங்கள், நிரலைத் தொட வேண்டாம்:

```
OTEL_INSTRUMENTATION_JDBC_DATASOURCE_ENABLED=true
```

அடுத்த மெதுவான ட்ரேஸில் வெற்றிடம் இருந்த இடத்தில் `getConnection` என்று முடியும் ஒரு நீளக் கோடு வந்தால் என் சந்தேகம் சரி. வராமல் வெற்றிடம் வெற்றிடமாகவே இருந்தால் வேறு இடத்தில் தேட வேண்டும், அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள்.

சரி, அந்தப் பத்து இணைப்புகளும் யாரிடம்? ஒரு ட்ரேஸ் இதைச் சொல்லாது. அது ஒரு வாடிக்கையாளரின் கதை மட்டும்தான், பக்கத்தில் நின்றவர்கள் அதில் வரமாட்டார்கள். அதனால்தான் அதே நிமிடத்தில் `availability` செய்த மற்ற எல்லாவற்றையும் உங்களிடம் கேட்டேன். நீங்கள் அனுப்பியதில் `sync-calendar` என்ற பெயரில் பன்னிரண்டு ட்ரேஸ்கள், எல்லாம் 10:15:00க்குத் தொடங்கியவை. உங்கள் பதிவு 10:15:01க்கு வந்திருக்கிறது. விடுதிக்கு ஒன்றாக, வெளியிலுள்ள முன்பதிவுத் தளங்களின் நாட்காட்டியைக் கால் மணிக்கு ஒருமுறை கொண்டுவந்து ஒட்டும் வேலை அது. பன்னிரண்டும் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. ஒவ்வொன்றிலும் முதலில் ஒரு சின்ன `SELECT`, நடுவில் வெளித்தளத்துக்கு ஐந்தரை செக்கனுக்கு மேல் நீளும் ஒரு `GET`, கடைசியில் ஒரு சின்ன `UPDATE`. அந்த நிரலின் தலையில் `@Transactional` இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், தொடக்கத்தில் வாங்கிய இணைப்பை வெளித்தளம் பதில் சொல்லும்வரை சும்மா கையில் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பத்துப் பேர் பிடித்திருக்கிறார்கள், இரண்டு பேர் வரிசையில், அவர்களுக்குப் பின்னால் உங்கள் வாடிக்கையாளர். ‘சில நேரம்’ என்று நீங்கள் எழுதியது கால் மணிக்கு ஒருமுறை வரும் அந்தச் சில செக்கன்கள்தான்.

திருத்தமும் சின்னது. நாட்காட்டியை முதலில் வெளியிலிருந்து எடுத்து முடிக்க வேண்டும். அப்புறம்தான் இணைப்பை வாங்கி எழுத வேண்டும். எழுதும் பகுதிக்கு மட்டும் `@Transactional`. ஒரு நல்ல பையன் ஒரு மத்தியானத்தில் செய்துவிடுவான்.

இப்போது அந்தக் கொழும்பு ஆளுக்கு வருகிறேன். சேர்வரை இரண்டு மடங்காக்கினால் எது குறையும்? வெளித்தளம் பதில் சொல்ல எடுக்கும் ஐந்தரை செக்கன் அப்படியே இருக்கும், அது உங்கள் பெட்டியில் ஓடுவதில்லை. பத்து இணைப்பு பத்தாகவே இருக்கும். காத்து நிற்பவருக்கு ராம் எதற்கு? ட்ரேஸைத் திறந்துகூடப் பார்க்காமல் சேர்வர் விற்பவர்கள் பெருகிவிட்டார்கள், மாதாமாதம் டொலரில் போகும் வாடகையில் அவர்களுக்குக் கொமிஷன் இருக்கிறது. அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எந்த ஸ்பானின் சொந்த நேரம் குறையும், பெயர் சொல்லுங்கள் என்று. பெயர் வராது.

அடுத்த ஆள் வருவார், தொகுப்பைப் பத்திலிருந்து நூறாக்கச் சொல்வார். இலவசம்தானே என்று நம்பிவிடாதீர்கள். உங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் தன் பங்குக்கு மொத்தமாக நூறு இணைப்புத்தான் விடும், அதையும் மாற்றாதவரை. ஐந்து சேவைகளும் அதைத்தான் பங்கிடுகின்றன. ஒன்று முழுவதையும் எடுத்தால் மற்ற நான்கும் விழும். இன்னொரு வகையினர் ஒவ்வொரு ஸ்பானுக்கும் காசு எண்ணும் அழகான திரைகளை விற்கிறார்கள். உங்களிடம் இருக்கும் யேகர் இந்த வேலைக்குத் தாராளம்.

ஒரு விஷயத்தில் மட்டும் ட்ரேஸை அப்படியே நம்பக் கூடாது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. `pricing` 4912இல் தொடங்கியதாக மேலே எழுதியது நான் உத்தேசமாகத் திருத்திய எண். கோப்பில் 4848 என்று இருக்கிறது. ஆனால் `booking` அதை அழைத்த ஸ்பான் தொடங்குவது 4908இல். அழைப்பதற்கு முன்பே யாரும் பதில் வேலையைத் தொடங்க முடியாது. `pricing` ஓடும் இயந்திரத்தின் கடிகாரம் சற்றே பின்தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். திரையில் பார்ப்பவருக்கோ `availability` முடியும் முன்பே `pricing` ஓடுவது போலத் தெரியும், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன என்று தப்பாக முடிவெடுப்பார்.

தொடக்க நேரங்களை இரண்டு இயந்திரங்களுக்கிடையே ஒப்பிடாதீர்கள். கால அளவை நம்பலாம், அது ஒரே கடிகாரத்தில் அளந்தது. அந்த `pricing` அழைப்பில் அழைத்த பக்கம் 144 என்கிறது, பதில் சொன்ன பக்கம் 134 என்கிறது. வித்தியாசம் 10, போகவும் வரவும் சேர்த்து. போக எவ்வளவு, வர எவ்வளவு என்று பிரிக்க முயல வேண்டாம், கடிகாரங்கள் ஒத்துப்போகாதபோது அது வெறும் கற்பனை. எல்லா இயந்திரங்களிலும் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டே இருக்கும் `chrony`யை ஓடவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். மேலே நான் கண்டுபிடித்த வெற்றிடம் `availability` என்ற ஒரே சேவைக்குள், ஒரே கடிகாரத்தில் இருப்பதால் அதற்கு இந்தச் சந்தேகம் இல்லை.

இனி நீங்களே தேட: யேகரில் `Service` என்ற இடத்தில் `gateway`, `Min Duration` என்ற இடத்தில் `3s` போடுங்கள். `Limit Results` 20இல் நிற்கும், அதை 200 ஆக்குங்கள், இல்லாவிட்டால் பழையவை கண்ணில் படாது. மெதுவானது ஒன்றுமே வரவில்லை என்றால், நூற்றில் ஒன்றைத்தான் சேமிக்கும்படி அமைத்திருப்பார்கள். அரிதாக வரும் மெதுவானது அந்த ஒன்றில் விழுவது அதிர்ஷ்டம். முடிந்த பிறகு நேரத்தைப் பார்த்து மெதுவானவற்றை எல்லாம் வைத்துக்கொள்ளும் `tail_sampling`, ஸ்பான்களை வாங்கி யேகருக்கு அனுப்பும் கலெக்டர் என்ற மென்பொருளில் இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

யாரிடம் கேட்பது என்பதுதான் எனக்குக் கோபம். ஒப்பந்தத்தில் ஒப்படைப்பு என்று ஒரு வரி இருக்கும், கையெழுத்தும் இருக்கும், மூன்று மாதம் போனால் தொலைபேசி எடுக்க ஆள் இருக்காது. ஐந்து சேவைக்கு ஐந்து பேர், நடுவில் காணாமல் போன ஐந்து செக்கனுக்கு ஒருவரும் இல்லை. கலெக்டரின் அமைப்புக் கோப்பும் பாஸ்வேர்டும் உங்கள் கையில் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். இல்லையென்றால் மிச்சக் கட்டணத்தை நிறுத்திவைத்து வாங்குங்கள்.

திருத்தியபின் 10:15, 10:30 என்று கால் மணி தொடங்கும் செக்கனில் நீங்களே ஒரு பதிவு போட்டுப் பாருங்கள். `availability` நூறு மில்லிசெக்கனுக்குள் வந்தால் விட்டுவிடலாம். `payment` எடுக்கும் முக்கால் செக்கனை யாராவது குறைத்துத் தருகிறேன் என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.