மினிட்ஸ் திருத்தம் கேட்டுத் தலைவருக்கு எழுதும் கடிதம்

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர். போன கூட்டத்து மினிட்ஸில் பெயின்ட் வேலைத் தீர்மானம் தப்பாகப் பதிவாகியிருக்கிறது. திருத்தச் சொல்லித் தலைவருக்கு எப்படி எழுதுவது?

பதில்: முதலில் மினிட் புத்தகத்தில் கை வைக்காதீர்கள். ஒயிட்னர் தடவினால் ஆடிட்டர் கண்ணில் அதுதான் முதலில் படும். அடுத்த கூட்டத்தில் முந்தைய மினிட்ஸை உறுதி செய்வார்கள் அல்லவா, திருத்தத்துக்கு இடம் அதுதான். தலைவர் அங்கே அப்படியே வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடும்படி உங்கள் கடிதம் இருக்க வேண்டும். தொகையில் சிக்கல் என்று வைத்துக்கொண்டு ஒரு மாதிரி தருகிறேன்.

"மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு, வணக்கம்.

12-ஆம் தேதி நடந்த செயற்குழுக் கூட்டத்தின் மினிட்ஸ் வரைவில், பொருள் எண் 5-இன் முதல் வாக்கியம் இப்படி உள்ளது: 'வெளிச்சுவர் பெயின்ட் வேலைக்கு ரூ. 3,50,000 வழங்க ஒப்புதல் அளிக்கப்பட்டது.' கூட்டத்தில் ஏற்கப்பட்ட கொட்டேஷனில் இத்தொகை ஜிஎஸ்டி உட்பட என்றே இருக்கிறது. பொருளாளரும் தீர்மானத்தை அப்படித்தான் வாசித்தார். இப்போதைய வாசகத்தை வைத்து ஒப்பந்தக்காரர் 18 சதவீத வரியைத் தனியாகக் கேட்டால் ரூ. 63,000 கூடுதலாகும்.

எனவே அவ்வாக்கியத்தை நீக்கி, அதற்குப் பதிலாகக் கீழ்க்கண்டதைச் சேர்க்க வேண்டுகிறேன்:

'வெளிச்சுவர் பெயின்ட் வேலைக்கு, ஜிஎஸ்டி உட்பட மொத்தம் ரூ. 3,50,000 வழங்க ஒப்புதல் அளிக்கப்பட்டது.'

பொருள் எண் 5-இல் வேறு மாற்றம் இல்லை. கொட்டேஷன் நகலும் கூட்டத்தில் எடுத்த கைக்குறிப்பின் நகலும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
செயலாளர்"

பழைய வாக்கியம், புது வாக்கியம் இரண்டையும் முழுசாகக் கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். 'ஜிஎஸ்டி பற்றிய விவரத்தைச் சேர்க்கவும்' என்று மட்டும் எழுதினால், என்ன வாசகம் போடுவது என்று கூட்டத்தில் மறுபடி அரை மணி நேரம் போகும். யார் எழுதியதில் தப்பு என்ற பேச்சும் கடிதத்துக்குள் வேண்டாம்.

எழுதும்போது ஒரு ஆசை வரும். 'மிகாமல்' என்று ஒரு சொல், 'இரண்டு ஆண்டு உத்தரவாதத்துடன்' என்று இன்னொன்று சேர்த்தால் சங்கத்துக்கு நல்லதுதானே? கூட்டத்தில் அப்படிச் சொல்லாதபோது சேர்க்கவே கூடாது. என்ன முடிவானதோ அதை மட்டும்தான் திருத்தம் சொல்லலாம். முடிவையே மாற்ற வேண்டுமென்றால் அஜெண்டாவில் தனிப் பொருளாக வைத்துப் புதுத் தீர்மானம் போடுங்கள்.

மினிட்ஸ் ஏற்கெனவே உறுதியாகிக் கையெழுத்தும் ஆகிவிட்டதா? அப்போது பழைய பக்கம் அப்படியே இருக்கட்டும். அடுத்த கூட்டத்தில் திருத்தத் தீர்மானம் போட்டு, பழைய பக்கத்தின் ஓரத்தில் 'இன்ன தேதிக் கூட்டத் தீர்மானத்தில் திருத்தப்பட்டது, பக்கம் இவ்வளவு' என்று குறித்துத் தலைவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

ஒப்பந்தக்காரருக்குப் பழைய வாசகத்திலேயே ஒர்க் ஆர்டர் போயிருந்தால், மினிட்ஸைத் திருத்தியது அவரைக் கட்டுப்படுத்தாது. அவருக்குத் தனிக் கடிதம் அனுப்பி, ஜிஎஸ்டி உட்பட என்பதை அவர் கையெழுத்தோடு வாங்கிய பிறகு அட்வான்ஸ் செக் கொடுங்கள்.