கல்லீரலில் நாடாப்புழுக் கட்டி: ஊசியா, மாத்திரையா, காத்திருப்பா?

எங்கள் வீட்டில் ஆடுகளும் இரண்டு நாய்களும் உண்டு. என் மனைவியின் கல்லீரலில் ஹைடாட்டிட் நீர்க்கட்டி இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆட்டு ஈரல் சாப்பிட்டதால் வந்ததா?

இல்லை. நாயின் சிறுகுடலில் வாழும், சில மில்லிமீட்டர் நீளமே உள்ள எக்கினோகாக்கஸ் என்னும் நாடாப்புழுவின் முட்டைகள் நம் வாய்க்குள் போனால்தான் இந்நோய் வரும். அவை நாயின் மலத்தில் வெளியேறி, மண்ணிலும் கீரையிலும் நாயின் ரோமத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும். விழுங்கப்பட்ட முட்டையிலிருந்து வெளிவரும் கரு, குடற்சுவரைத் துளைத்து இரத்தத்தின் வழியே முதலில் கல்லீரலைச் சென்றடைவதால், பெரும்பாலான கட்டிகள் அங்கேயே வளர்கின்றன. நோயாளியிடமிருந்து வீட்டிலுள்ள மற்றவருக்கு இது தொற்றாது.

ஆட்டு ஈரலுக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் அது நாயின் வழியாக வருகிறது. ஆட்டை அறுக்கும்போது ஈரலிலோ நுரையீரலிலோ வெண்மையான நீர்ப்பை தென்பட்டால், அந்தத் துண்டை வெட்டி ஓரமாக நிற்கும் நாய்க்கு எறிவது பல இடங்களில் வழக்கம். அந்தப் பைக்குள் ஆயிரக்கணக்கான புழுத்தலைகள் இருக்கக்கூடும். நாயின் குடலில் அவை முதிர்ந்து முட்டையிட ஏறத்தாழ ஆறு வாரங்கள் போதும். ஆகவே அத்தகைய உறுப்பை எரித்துவிடுங்கள், அல்லது நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள். நாய்களுக்கு நாடாப்புழுவைக் கொல்லும் பிராசிகுவான்டல் மருந்தை எத்தனை வாரங்களுக்கு ஒருமுறை கொடுப்பது என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

என் மனைவியின் கட்டி 7 செ.மீ. 'உட்சவ்வு பிரிந்து மிதக்கிறது' என்று ஸ்கேன் அறிக்கையில் உள்ளது. ஊசி போட்டு உறிஞ்சலாம் என்கிறார்கள். ஊசி குத்தினால் கட்டி வெடித்து உயிருக்கே ஆபத்து என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.

அந்தப் பயம் காரணமற்றதன்று. கட்டியின் நீர் வயிற்றுக்குள் கசிந்தால் கடுமையான ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்படலாம். சிந்திய புழுத்தலைகள் புதிய கட்டிகளாக வளரவும் கூடும். நெடுங்காலம் இக்கட்டியை ஊசியால் தொடவே கூடாது என்றுதான் கற்பிக்கப்பட்டது. ஊசியால் குத்தி, நீரை உறிஞ்சி, புழுக்கொல்லித் திரவத்தைச் செலுத்தி, மீண்டும் உறிஞ்சும் 'பேர்' எனப்படும் முறையைத் துனீசிய மருத்துவர்கள் 1980களின் நடுவில் கொண்டுவந்த பிறகே, தகுந்த பாதுகாப்புடன் இதைச் செய்யலாம் என்பது நிலைபெற்றது.

உங்கள் மனைவியின் கட்டி இதற்கு ஏற்ற வகைதான். அல்ட்ராசவுண்டில் ஒற்றை அறையாக, இரட்டைக் கோட்டுச் சுவருடன் தெரிவது முதல் நிலை. உட்சவ்வு கழன்று, நீரில் அல்லி இலைபோல் மிதப்பது அடுத்து வரும் நிலைகளில் ஒன்று. இரண்டிலுமே உள்ளே இருப்பது பெரும்பாலும் நீர் என்பதால் ஊசியால் முழுமையாக உறிஞ்ச இயலும்.

செயல்முறைக்குச் சில மணி நேரம் முன்பாவது அல்பென்டசோல் என்னும் புழுக்கொல்லி மாத்திரையைத் தொடங்கியிருக்க வேண்டும். அட்ரினலினும் மயக்கவியல் மருத்துவரும் அருகில் இருக்க வேண்டும். ஊசி, கசிவைத் தடுக்கும்படி, போதிய தடிமனுள்ள கல்லீரல் திசுவின் ஊடாகவே கட்டிக்குள் செல்லும். முதலில் சிறிதளவு நீரை எடுத்துப் பார்ப்பார்கள். அது ஊற்றுநீர்போல் தெளிவாக இருந்தால் நல்லது. மஞ்சளாக இருந்தாலோ, சோதனைப் பட்டையில் பித்தநிறமியான பிலிருபின் தெரிந்தாலோ, கட்டி பித்தநாளத்துடன் தொடர்புகொண்டுள்ளது என்று பொருள். அந்நிலையில் புழுத்தலைகளைக் கொல்லும் திரவத்தைச் செலுத்தவே கூடாது, அது பித்தநாளங்களைச் சுருக்கிப் பாழாக்கிவிடும். எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுவே என்பேன்.

7 செ.மீ. கட்டியில் ஏறத்தாழ 180 மி.லி. நீர் இருக்கும். அதை உறிஞ்சிய பின், அதில் மூன்றிலொரு பங்கு, அதாவது சுமார் 60 மி.லி. அளவுக்கு 20 சதவீத உப்புநீரைச் செலுத்தி, 10 முதல் 15 நிமிடங்கள் காத்திருந்து, மீண்டும் உறிஞ்சிவிடுவார்கள். அதன் பின்னர் குறைந்தது ஒரு மாதம் அல்பென்டசோல் தொடரும்.

எனக்கும் கல்லீரலில் இதே கட்டி உண்டு, அது 6 செ.மீ.தான். இருந்தும் எனக்கு அறுவை சிகிச்சை என்கிறார்கள். ஏன் இந்த வேறுபாடு?

உங்கள் அறிக்கையில் 'தேன்கூடு போன்ற பல அறைகள்' என்று இருக்கிறது. அவை தாய்க்கட்டிக்குள் பிறந்த சேய்க்கட்டிகள். ஊசி ஓர் அறையை வெறுமையாக்கினாலும் மற்றவை உயிருடன் எஞ்சும், சேய்க்கட்டிகளுக்கு நடுவிலுள்ள கெட்டியான பகுதியை மெல்லிய ஊசியால் உறிஞ்சவும் இயலாது. முடிவு செய்வது அளவு மட்டுமன்று, கட்டியின் நிலையும்தான்.

அல்பென்டசோல் பூச்சி மாத்திரைதானே? ஒரு வேளை போட்டால் போதாதா?

மருந்து அதுவே, முறை முற்றிலும் வேறு. பெரியவர்களுக்கு வழக்கமாக 400 மி.கி. வீதம் நாளுக்கு இரண்டு வேளை, மாதக்கணக்கில் கொடுக்கப்படுகிறது. 5 செ.மீ.க்கு உட்பட்ட, நீர் நிறைந்த ஒற்றை அறைக் கட்டிக்கு இம்மாத்திரை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். வெறும் வயிற்றில் இது மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும் என்பதால் எண்ணெயோ நெய்யோ சேர்ந்த உணவுடன் உட்கொள்ளுங்கள். கல்லீரல் நொதிகள் உயரலாம், வெள்ளை அணுக்கள் குறையலாம். ஆகவே மருத்துவர் குறித்த நாளில் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். கருவுற்றிருந்தாலோ அதற்கு வாய்ப்பிருந்தாலோ, தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுத்தபோது, என் தந்தையின் கல்லீரலில் சுண்ணாம்பு படிந்த பழைய கட்டி தெரிந்தது. அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

சுவர் முழுவதும் சுண்ணாம்பு படிந்து, உள்ளே சேய்க்கட்டிகள் இல்லாமல் கெட்டிப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் இறந்துவிட்ட கட்டி. மாத்திரையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். மருத்துவர் சொல்லும் இடைவெளியில் அல்ட்ராசவுண்ட் எடுத்து, உள்ளே புதிதாக நீர் அறை தோன்றவில்லை என்பதைச் சில ஆண்டுகளுக்குப் பார்த்துவந்தால் போதும். இடையில் காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ வந்தால் மட்டும் அந்தப் பழைய அறிக்கையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.