கிடைத்த பர்ஸும் ஆதார் அட்டையில் இருக்கும் முகமும்

(பாளையங்கோட்டையில் ஸ்டேஷன் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவரின் பதில்கள்)

அண்ணாச்சி, மார்க்கெட் பக்கம் ஒரு பர்ஸ் கிடந்துச்சு. உள்ள ஆதார் இருக்கு. படத்துல இருக்கிற மாதிரியே ஒருத்தர் வந்து கேக்காரு. குடுத்திரலாமா?

இப்போதைக்குக் கொடுக்காதீங்க தம்பி. எங்கள் ஸ்டேஷனுக்கு வந்த ஒரு பர்ஸைச் சொல்கிறேன். ஆதார் படத்தில் அடர்ந்த முடி, மீசை. அதே சாயலில் ஒரு பையன் வந்தான். பெயர், பிறந்த தேதி, தெரு எல்லாம் தடுமாறாமல் சொன்னான். கொஞ்ச நேரத்தில் திருச்செந்தூரில் மொட்டை போட்டு, மீசையும் எடுத்திருந்த ஒருத்தர் வந்தார். படத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை என்று அங்கே நின்ற எல்லோரும் சொன்னார்கள்.

நான் இரண்டு பேரையும் தனித்தனியே கூப்பிட்டு, "உள் ஜிப்பில் என்ன இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். பையன் "பணம்" என்றான். மொட்டை போட்டவர், "நகை அடகு ரசீது, நாலாக மடிச்சது. என் வீட்டுக்காரி பேர்ல இருக்கும்" என்றார். ரசீது அப்படியே இருந்தது. பையன் அவருடைய சித்தப்பா மகன். அதனால்தான் சாயலும் இருந்தது, விவரமும் தெரிந்திருந்தது.

நீங்களும் அதையே செய்யுங்கள். அட்டையில் அச்சடித்திருப்பதைக் கேட்காதீர்கள், அது சொந்தக்காரர் எல்லோருக்கும் தெரியும். "கறுப்பு பர்ஸா?" என்று நீங்களே விடையை எடுத்துக் கொடுக்கவும் கூடாது. "என்னென்ன இருந்துச்சு, எங்கே வெச்சிருந்தீங்க?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

ஆதார்ல இருக்கிற கியூஆரை ஸ்கேன் பண்ணினா ஆள் தெரிஞ்சிருமே?

அட்டையில் யாரும் திருத்தவில்லை என்பது தெரியும். எதிரே நிற்பவர் யார் என்று அது சொல்லாது. அதற்குள் இருப்பதும் அதே பழைய படம்தான்.

டீக்கடை வெச்சிருக்கேன். ஒரு மொகத்தப் பாத்தா எனக்கு மறக்காது. படத்தையும் ஆளையும் பாத்தா தெரியாதாக்கும்?

உங்கள் கடைக்குத் தினமும் வருகிறவரை நீங்கள் மொட்டையிலும் அடையாளம் கண்டுபிடிப்பீர்கள் அண்ணாச்சி, அதை நான் மறுக்கவில்லை. பழகிய முகத்தைப் பல வெளிச்சத்தில், பல கோலத்தில் பார்த்திருக்கிறோம். முன்பின் தெரியாதவரின் ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு ஆளைப் பார்ப்பது வேறு வேலை. அதில் ஒரே ஆள் இரண்டு பேராகத் தெரிவார், இரண்டு பேர் ஒரே ஆளாகவும் தெரிவார்கள். 1997-இல் வெளியான ஒரு ஆய்வில், இங்கிலாந்தின் ஒரு சூப்பர் மார்க்கெட் காசாளர்களிடம் அடுத்தவர் படம் ஒட்டிய அட்டைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேல் சரி என்று வாங்கிக்கொண்டார்கள்.

அவங்க காசாளர். போலீஸ்காரங்க, பாஸ்போர்ட் ஆபீஸ்காரங்க சரியாப் பாப்பாங்கல்லா?

ஆஸ்திரேலியாவில் பாஸ்போர்ட் அதிகாரிகளையே சோதித்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். எதிரே நின்றவருடையது அல்லாத, வேறு ஆளின் படங்களில் 14 சதவீதத்தைச் சரி என்று விட்டுவிட்டார்கள். அனுபவம் கூடினால் கண் கூர்மையாகும் என்பதும் அதில் தெரியவில்லை. நானும் முகத்தை நம்பி எதையும் கொடுத்ததில்லை.

அப்போ ரேஷன் கடையில படத்தப் பாத்து சாமான் குடுக்கறது எப்படி?

அங்கே கைரேகை வைக்கிறோம். பர்ஸ் பேச்சுக்கு வருவோம்.

வாட்ஸ்அப் குரூப்ல ஆதாரை போட்டோ எடுத்துப் போட்டா சீக்கிரம் கிடைச்சிருமே?

போடாதீர்கள். எண்ணும் முகவரியும் ஊர் முழுக்கப் போய்விடும். அதைப் படித்துவிட்டு வருகிறவரிடம் கேட்க உங்களிடம் கேள்வியே மிஞ்சாது. "மார்க்கெட் பக்கம் பர்ஸ் கிடைத்தது, அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளவும்" என்றால் போதும்.

எண்ணை மட்டும் மறைச்சிட்டுப் போடலாமா?

மேலே சொல்லிவிட்டேன். முகம், பெயர், நிறம், தொகை எதுவும் வேண்டாம்.

என் ஆதார் தொலஞ்சு போச்சு சார், புதுசு எப்படி வாங்க?

1947-க்கு போன் போடுங்க.

பர்ஸ்ல எங்க வீட்டுக்காரர் என் ஆதாரத்தான் வெச்சிருப்பார். அப்போ என்கிட்டயா குடுப்பாங்க?

நல்ல கேள்வி அக்கா. அட்டைக்காரரும் பர்ஸ்காரரும் வேறு ஆளாக இருப்பது நிறைய நடக்கும். அட்டை உங்களுடையது, பணம் அவருடையது. இரண்டு பேருமே சேர்ந்து போய் வாங்குவதுதான் சிக்கல் இல்லாதது.

யாரும் வரலைன்னா பணத்த நாம வெச்சுக்கலாம்லா?

கூடாது. உள்ளே அட்டை இருக்கிறது என்றால் உரியவரைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது என்று அர்த்தம். தெரிந்தே வைத்துக்கொண்டால் பாரதிய நியாய சன்ஹிதா 314-ஆவது பிரிவு, குறைந்தது 6 மாதம் சிறை. திருப்பிக் கொடுப்பதற்காக எடுத்து வைத்திருந்தால் குற்றமில்லை என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

பேங்க் கார்டு இருந்தால் அந்த பேங்கின் கிளைக்குச் சொல்லுங்கள், அவர்களே வாடிக்கையாளரைக் கூப்பிடுவார்கள். பஸ்ஸில் கிடைத்தால் கண்டக்டரிடமே கொடுத்துவிடலாம்.

ஸ்டேஷனுக்குப் போனா நம்மளையே நோண்டி நோண்டி கேப்பாங்க. நேரா வீட்டுக்கே கொண்டு குடுத்திரலாமே?

முகவரி பக்கத்தில் இருந்து, கேள்விக்குச் சரியாகப் பதிலும் சொன்னால் கொடுக்கலாம். இரண்டு சாட்சியை வைத்து, நோட்டை அவர் முன்னாலேயே எண்ணி, பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள். பழைய முகவரியாக இருந்தால் ஸ்டேஷன்தான். கிடைத்த இடம், நேரம், உள்ளே இருந்த ஒவ்வொரு பொருள், நோட்டு எத்தனை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து ரசீது கேளுங்கள். பிறகு "இன்னும் ஐயாயிரம் இருந்தது" என்று யாராவது வந்தால் அந்தத் தாள்தான் உங்களுக்குத் துணை.

அந்தத் தாளைக் கூட அவங்க வாங்க மாட்டேன்னா?

அப்படி நடப்பதும் உண்டு தம்பி. அதையே ஸ்பீட் போஸ்ட்டில் ஸ்டேஷனுக்கு அனுப்பி, தபால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.